வாக்குவாதக் காட்சியில் யார் பேசுகிறார்கள்? ‘என்றாள்’, ‘முறைத்தாள்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை எழுதுபவர்கள் சண்டைக் காட்சியைத் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வசதிக்காக இரண்டு பெயர் வைத்துக்கொள்கிறேன். ‘என்றான்’, ‘என்று கேட்டாள்’ போல, பேசியது யார் என்று சொல்லும் சொற்கள் ‘ஒட்டு’. பேச்சுக்கு முன்னாலோ பின்னாலோ பாத்திரம் செய்வதாக வரும் சின்னச் செயல் ‘செய்கை வரி’.

இரண்டு பேர் சண்டை போடும் காட்சி. வசனம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் படிக்க இழுக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொண்டு, மேற்கோள் குறிகளுக்கு வெளியே இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். இது தற்காலிகம்தான். பேச்சு மட்டும் மிஞ்சும்போது காட்சியின் உண்மையான வேகம் என்ன என்று தெரிந்துவிடும். அப்போதும் இழுத்தால் கோளாறு வசனத்தில் இருக்கிறது. ஒட்டுகளைத் திருத்திப் பயனில்லை. வேகமாக ஓடினால் கோளாறு வெளியே இருந்தது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அக்கா மாலதி, தங்கை சுதா. அப்பா கட்டிய வீட்டை விற்பதற்கான ஒப்பந்தத்தில் சுதா மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“என்னைக் கேக்காம எப்படிக் கையெழுத்துப் போட்ட?” என்று கண்கள் சிவக்க, மேசையை ஓங்கித் தட்டியபடி கோபமாகக் கேட்டாள் மாலதி.

“கேட்டா மட்டும் என்ன சொல்லியிருப்ப?” என்று அவளை முறைத்துப் பார்த்தவாறே பதிலுக்குக் கத்தினாள் சுதா.

“வேண்டாம்னு சொல்லியிருப்பேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் மாலதி.

“அதுக்குத்தான் கேக்கல” என்று கைகளைக் கட்டிக்கொண்டு அலட்சியமாகப் பதிலளித்தாள் சுதா.

“அது அப்பா கட்டின வீடு” என்று தழுதழுத்த குரலில் சொன்ன மாலதி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அப்பாவ மூணு வருஷம் பாத்துக்கிட்டது யாரு? நீயா?” என்று விரலை நீட்டிக் கேட்டாள் சுதா.

“மாசாமாசம் பணம் அனுப்பினேன்” என்று பதறியபடி கூறினாள் மாலதி.

“பணம் அவரைத் தூக்கி உக்கார வைக்கல” என்று ஏளனமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள் சுதா.

எண்ணிப் பாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து பேசியவை 31 சொற்கள். அதைச் சுற்றி இருப்பவை 49. “அதுக்குத்தான் கேக்கல” என்று இரண்டே சொல்லில் அடித்த அடிக்குப் பின்னால் ஆறு சொல் வால் தொங்குகிறது. மாலதி திருப்பி அடிப்பதற்குள் நாம் கைகளைக் கட்டுவதைப் பார்த்து, அலட்சியத்தைப் பார்த்து, பதிலளித்ததையும் கேட்டு முடிக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்த வால் கூடுதலாகவே வலிக்கும். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசிப் பக்கம் வருகிறது. ‘என்று’ என எழுதியவுடன் அதற்கும் ‘கேட்டாள்’ என்பதற்கும் நடுவில் ஒரு காலி இடம் திறக்கிறது. ‘தட்டியபடி’, ‘பார்த்தவாறே’, ‘கடித்துக்கொண்டு’ என்று வினையெச்சங்கள் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. யார் பேசினார் என்ற ஒரே தகவலுக்காகத்தான் அந்த ஒட்டு இருக்கிறது, அதுவோ எல்லாம் முடிந்த பிறகு கடைசிச் சொல்லாக வருகிறது. வாசகர் அதுவரை காத்திருக்கிறார்.

கணினியில் எழுதுகிறவர்கள் Ctrl+F அழுத்தி ‘வாறே’, ‘க்கொண்டு’, ‘படி’ என்று தேடினால் இந்த இடங்கள் சீக்கிரம் அகப்படும். ‘படி’ என்று தேடும்போது ‘எப்படி’, ‘அப்படி’ எல்லாம் சேர்ந்து வரும், அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். வேகம் வந்துவிட்டது, ஆனால் நடுவில் யார் பேசுகிறார் என்று குழம்புகிறது. எதைத் திரும்பச் சேர்ப்பது?

வெறும் பேச்சாக இருக்கும் அந்தப் பிரதியை ஒரே மூச்சில் படியுங்கள். எந்த வரியில் ‘இது யார்?’ என்று ஒரு நொடி நின்றீர்களோ, அதன் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். எந்த வரிக்கு முன் ஒரு மௌனம் வேண்டும் என்று தோன்றியதோ, அங்கே ஒரு கோடு போடுங்கள். புள்ளி இருக்கும் இடத்துக்குப் பேசுபவரின் அடையாளம் வேண்டும், கோடு இருக்கும் இடத்துக்குச் செய்கை வரி வேண்டும். மற்ற இடங்களில் எதையும் திரும்பச் சேர்க்க வேண்டாம்.

மாலதி-சுதா காட்சியில் எனக்கு இரண்டு புள்ளிகள் விழுந்தன. ஒன்று தொடக்கத்தில், மற்றொன்று ஐந்தாவது வரியில். கோடு ஒன்றே ஒன்று, கடைசி வரிக்கு முன்னால். திருத்தியபின் இப்படி வந்தது:

மாலதி ஒப்பந்தத்தைச் சுதாவின் முன்னால் போட்டாள். “என்னைக் கேக்காம எப்படிக் கையெழுத்துப் போட்ட?”

“கேட்டா மட்டும் என்ன சொல்லியிருப்ப?”

“வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

“அதுக்குத்தான் கேக்கல.”

“அது அப்பா கட்டின வீடு, சுதா.”

“அப்பாவ மூணு வருஷம் பாத்துக்கிட்டது யாரு? நீயா?”

“மாசாமாசம் பணம் அனுப்பினேன்.”

சுதா தாளை எடுத்து மடித்தாள். ஒருமுறை, இன்னொருமுறை. “பணம் அவரைத் தூக்கி உக்கார வைக்கல.”

வெளியே இருந்த 49 சொற்கள் 11 ஆகிவிட்டன. பேச்சில் நடந்த மாற்றம் ஒன்றுதான்: ‘சுதா’ என்ற ஒரு விளி சேர்ந்தது.

முதல் வரியில் இரண்டு பேரின் பெயரும் இருப்பதைக் கவனியுங்கள். மாலதி போட்டாள், சுதாவின் முன்னால் போட்டாள். அந்த ஒரு வரியிலேயே பேசுகிறவர் யார், பதில் சொல்லப்போகிறவர் யார் என்று இரண்டும் தெரிந்துவிடுகின்றன. அதன் பிறகு முறை மாறி மாறிப் போவதை வாசகரே பார்த்துக்கொள்வார். மாலதியின் பெயர் மட்டும் அங்கே இருந்திருந்தால் இரண்டாவது வரிக்கு ஒரு ஒட்டு கட்டாயம் தேவைப்பட்டிருக்கும்.

ஐந்தாவது வரியில் வரும் ‘சுதா’ இரண்டு வேலை செய்கிறது. பேசுவது மாலதி என்று உறுதிப்படுத்துகிறது. கூடவே, இவ்வளவு நேரம் குற்றம் சாட்டியவள் முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் குரல் இறங்குவதும் கேட்கிறது. ‘தழுதழுத்த குரலில்’ என்று நான் எழுதத் தேவை இல்லாமல் போயிற்று.

ஒட்டோ செய்கையோ இல்லாமல் தொடர்ந்து எத்தனை வரி போகலாம்?

இரண்டே பேர் என்றால், ஐந்து அல்லது ஆறு வரிக்கு மேல் போகும்போது நான் கவனமாகிவிடுவேன். அதற்குமேல் சில வாசகர்கள் பின்னால் போய் ‘இவள், அவள், இவள்’ என்று எண்ணத் தொடங்குகிறார்கள். எண்ணத் தொடங்கிவிட்டால் சண்டை நின்றுபோய்விட்டது என்று அர்த்தம்.

ஆனால் இதைக் கணக்காகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் பேசுபவரின் நிலைப்பாடு தெரிந்தால் பத்து வரிகூடத் தாங்கும். மேலே “மாசாமாசம் பணம் அனுப்பினேன்” என்பதை மாலதியைத் தவிர யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் கூடவே இருந்தவள் சுதா. மாறாக, “சும்மா சொல்லாதே”, “உனக்கு என்ன தெரியும்?”, “போதும்” போன்ற வரிகள் யார் வாயிலும் பொருந்தும். அவை இரண்டு அடுத்தடுத்து வந்தால் மூன்றாவது வரியிலேயே பிடி நழுவிவிடும். அங்கே ஒட்டு சேர்ப்பதைவிட, அந்த வரிகளில் ஒன்றை அந்த ஆள் மட்டுமே சொல்லக்கூடியதாக மாற்றுவது நல்லது.

என் காட்சியில் இருவருமே பெண்கள். ‘என்றாள்’ எழுதினால் யார் என்று தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் பெயர் போட வேண்டுமா?

வேண்டாம். ஆணும் பெண்ணும் பேசினால் ‘என்றான்’, ‘என்றாள்’ என்ற விகுதியே வேலையை முடித்துவிடும். அப்பாவும் மகளும் என்றால் ‘என்றார்’, ‘என்றாள்’ போதும். ஒரே பாலில், ஒரே மரியாதையில் இருவர் பேசும்போதுதான் அந்த வசதி போய்விடுகிறது. ஆனால் நம்மிடம் இன்னொரு வசதி இருக்கிறது, பலரும் அதைத் திருத்தும்போது மறந்துவிடுகிறார்கள்: நீயும் நீங்களும்.

மாலதிக்கும் சுதாவுக்கும் பத்து வயது வித்தியாசம், தங்கை அக்காவை ‘நீங்க’ என்றுதான் பேசுவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது “போட்ட?” என்றால் அக்கா, “சொல்லியிருப்பீங்க?” என்றால் தங்கை. வினைமுற்றின் விகுதி மேற்கோள் குறிக்குள்ளேயே இருந்துகொண்டு பேசுபவரைக் காட்டிக்கொடுத்துவிடும். முழுப் பக்கம் வாக்குவாதத்தையும் ஒரு ‘என்றாள்’கூட இல்லாமல் ஓட்டிவிடலாம். மேலதிகாரியும் ஊழியரும், மாமியாரும் மருமகளும், ஆசிரியரும் மாணவரும் மோதும் காட்சிகளில் எல்லாம் இது கைகொடுக்கும்.

இதில் ஒரு ஆபத்தும் ஒரு பெரிய வாய்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. சண்டை முற்றும்போது மனிதர்கள் மரியாதையைக் கைவிடுவார்கள். இவ்வளவு நேரம் ‘நீங்க’ என்றவள் திடீரென்று “நீயா பாத்துக்கிட்ட?” என்று கேட்கிறாள் என்றால், ‘வெடித்தாள்’, ‘ஆவேசமானாள்’ என்று எது எழுதினாலும் அதற்கு ஈடாகாது. ஆனால் அதே நொடியில், அதுவரை அடையாளமாக இருந்த விகுதியும் உடைந்துவிடுகிறது. வாசகர் ‘நீ’ என்பதைப் பார்த்தவுடன் அக்கா பேசுகிறாள் என்று எடுத்துக்கொள்வார். அதனால் அந்த ஒரு வரிக்கு மட்டும் பெயரோடு ஒரு செய்கை வரியை முன்னால் வையுங்கள்:

சுதா எழுந்துவிட்டாள். “அப்பாவ மூணு வருஷம் பாத்துக்கிட்டது யாரு? நீயா?”

மாலதி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ‘நீ’ இரண்டு பேருக்கும் கேட்டிருந்தது.

இந்த இடத்துக்குப் பின்னால் பழைய அடையாளம் செல்லாது. இனி இருவரும் ‘நீ’ என்றுதான் பேசப்போகிறார்கள் என்றால், அடுத்த சில வரிகளில் ஒரு பெயராவது முன்கூட்டி வந்துவிட வேண்டும். சமவயதுத் தோழிகள் போல முதலிலிருந்தே இருவரும் ‘நீ’ என்றால் இந்த வழி கிடையாது. அப்போது நிலைப்பாடும் பேச்சு வழக்கமும்தான் துணை. ஒருத்தி முழு வாக்கியமாகப் பேசுபவள், மற்றவள் துண்டு துண்டாகப் பேசுபவள் என்று தொடக்கத்திலேயே பழக்கிவிட்டால் போதும்.

ஒட்டுக்குப் பதிலாக ‘அக்கா’, ‘சுதா’ என்று அவர்களையே கூப்பிட்டுக்கொள்ள வைத்தால் என்ன?

ஒரு காட்சியில் இரண்டு அல்லது மூன்று முறைக்கு மேல் வேண்டாம். நேருக்கு நேர் நின்று சண்டை போடுகிறவர்கள் வரிக்கு வரி பெயர் சொல்வதில்லை. கெஞ்சும்போது, எச்சரிக்கும்போது, குரல் மாறும்போது சொல்வார்கள். அந்த இடங்களுக்கு விளியைச் சேமித்து வையுங்கள்.

செய்கை வரி என்று எழுதப் போனால் என் பாத்திரங்கள் பெருமூச்சு விடுகிறார்கள், முறைக்கிறார்கள், பல்லைக் கடிக்கிறார்கள். வேறு என்ன எழுதுவது, எங்கே வைப்பது?

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், செயல் பிறகு வரும். செய்கை வரி என்பது படிக்கிறவருக்கு ஒரு நிறுத்தம். பேச்சு நிற்கிறது, கண் வேறு எங்கோ போகிறது, அப்புறம் பேச்சு தொடர்கிறது. ஆகவே நிஜத்தில் அந்த ஆள் ஒரு கணம் பேசாமல் இருந்திருப்பாரா என்று கேளுங்கள். சடசடவென்று பதில் வரும் இடத்தில் செய்கை வைத்தால் அது பொய்யான மௌனம். மேலே உள்ள காட்சியில் நடுவில் ஆறு வரி தொடர்ந்து வெறும் பேச்சாக ஓடுகிறது, ஏனென்றால் அங்கே யாரும் யோசிக்கவில்லை. கடைசி வரிக்கு முன்னால்தான் சுதா நிற்கிறாள். சொல்லப்போவது திரும்ப எடுக்க முடியாத சொல் என்று அவளுக்குத் தெரியும். தாளை மடிக்கும் நேரம் அந்தத் தயக்கத்தின் நேரம்.

செயல் என்னவென்று தேடும்போது முகத்தை விட்டுவிட்டுக் கையருகே என்ன பொருள் இருக்கிறது என்று பாருங்கள். முறைப்பதும் பல்லைக் கடிப்பதும் ‘கோபம்’ என்ற ஒரே செய்தியைத்தான் தருகின்றன, அதை வசனம் ஏற்கனவே தந்துவிட்டது. ஒப்பந்தத் தாளோ சண்டைக்கே காரணமான பொருள். மாலதி அதைப் போடுகிறாள், சுதா மடிக்கிறாள். விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று அந்த மடிப்பே சொல்லிவிடுகிறது. ஒரு காட்சிக்கு இப்படி ஒரு பொருள் போதும். அது கை மாறுவதும் கிழிவதும் ஒளித்து வைக்கப்படுவதும் சண்டை எங்கே போகிறது என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

வைக்கும் முறையில் இரண்டு தவறுகள் மிகச் சாதாரணமாக நடக்கின்றன. முதலாவது, ஒருவர் பேச்சுக்குப் பக்கத்திலேயே மற்றவர் செய்கையை ஒட்டிவிடுவது:

“மாசாமாசம் பணம் அனுப்பினேன்.” சுதா சிரித்தாள்.

பேசியது மாலதி. ஆனால் ஒரே பத்தியில் இருப்பதால் சுதா பேசிச் சிரித்ததாகத்தான் வாசகர் எடுத்துக்கொள்வார். கேட்பவரின் செய்கை அடுத்த பத்திக்குப் போக வேண்டும், அங்கே அவருடைய பேச்சோடு சேர வேண்டும்.

இரண்டாவது தவறு தமிழுக்கே உரியது. நாம் எழுவாயை இயல்பாக விட்டுவிடுவோம். ‘எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்’ என்று எழுதுவதில் இலக்கணக் குறை ஒன்றும் இல்லை. அறையில் இரண்டு பெண்கள் இருக்கும்போது அந்த வரியால் அடையாளமும் இல்லை. அடையாளத்துக்காக வைக்கும் செய்கை வரியில் எழுவாய் வெளிப்படையாக, முடிந்தால் முதல் சொல்லாக இருக்கட்டும்.

‘கத்தினாள்’, ‘சீறினாள்’, ‘உறுமினான்’ எழுதலாமா? ‘கோபமாக’ என்று சேர்ப்பது தவறா?

ஒரு சண்டைக்கு ஒரு ‘கத்தினாள்’ பலமாக இருக்கும். நான்கு இருந்தால் எதுவுமே கத்தலாகக் கேட்காது. ஒட்டு தேவைப்படும் இடத்தில் ‘என்றாள்’ போதும். அதைக் கண் நின்று படிப்பதில்லை, யார் என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு கடந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வருகிறதே என்று பயந்து ‘கூறினாள்’, ‘மொழிந்தாள்’, ‘பதிலளித்தாள்’ என்று மாற்றும்போதுதான் ஒட்டு வெளியே தெரியத் தொடங்குகிறது.

‘கோபமாக’, ‘ஏளனமாக’ போன்றவை, சொன்ன விதம் சொல்லுக்கு எதிராக இருந்தால் மட்டும் தேவை. “ரொம்ப சந்தோஷம்” என்று மெதுவாகச் சொன்னாள் என்றால் அந்த ‘மெதுவாக’ இல்லாமல் அர்த்தம் வராது. அதை விட்டுவையுங்கள்.

ஒருத்தி நீளமாகப் பொரிந்து தள்ளுகிறாள், ஆறேழு வரிப் பேச்சு. ‘என்றாள்’ எங்கே வர வேண்டும்?

கடைசியில் வேண்டாம். யாரென்று தெரியாமலேயே ஆறு வரி படிக்க வைப்பது நியாயமில்லை. முதல் சின்ன வாக்கியத்துக்குப் பின் நிறுத்தி வையுங்கள்:

“நீ வந்தது ரெண்டே தடவை” என்றாள் சுதா. “ரெண்டு தடவையும் சாயங்காலமே கிளம்பிட்ட. ராத்திரி அவர் எத்தனை தரம் எழுந்திரிப்பார்னு உனக்குத் தெரியுமா?”

அல்லது செய்கை வரியை முன்னால் வைத்துவிட்டு ஒட்டே இல்லாமல் விடலாம்.

நடுவில் மூன்றாவது ஆள் வந்துவிடுகிறார். அப்போது எப்படி?

மாறி மாறிப் பேசும் முறை அந்த நொடியே செல்லாது. மூன்றாவது ஆள் பேசும் வரிக்கு அடையாளம் வேண்டும், எல்லோரும் அதைப் போட்டுவிடுகிறோம். தவறு நடப்பது அதற்கு அடுத்த வரியில்:

அம்மா உள்ளே இருந்து வந்தாள். “ரெண்டு பேரும் நிறுத்துங்க.”

“அவளை நிறுத்தச் சொல்லும்மா.”

இதை இருவரில் யாரும் சொல்லலாம். ஒரு ஒட்டு சேர்த்தால் சரியாகிவிடும், ஆனால் அதைவிடச் சின்ன வழி இருக்கிறது: “அக்காவை நிறுத்தச் சொல்லும்மா.” உறவுப் பெயர் மாறியதும் பேசுவது சுதா என்று தெரிந்துவிட்டது, ஒரு சொல்கூடக் கூடவில்லை.

மூன்று பேரும் சமமாகப் பேசிக்கொண்டே போனால் இந்த உத்திகள் தாங்காது. அப்போது காட்சியை இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிடுவேன். அம்மாவும் சுதாவும் நான்கு வரி, மாலதி வெறுமனே நிற்கிறாள். அப்புறம் மாலதி குறுக்கே வருகிறாள், பெயரோடு. அதன் பின் அவளும் சுதாவும். ஜோடி மாறும் ஒவ்வொரு இடத்திலும் பெயரைப் புதிதாகச் சொல்லிவிட்டால், ஜோடிக்குள் மறுபடி வெறும் பேச்சாக ஓடலாம்.

ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுவதை எப்படிக் காட்டுவது?

வெட்டுப்பட்ட இடத்தில் நீள்கோடு போட்டு மேற்கோளை மூடுங்கள், அடுத்த பத்தியில் வெட்டியவர் பேசட்டும். ‘என்று குறுக்கிட்டாள்’ தேவையில்லை.

“நான் மாசாமாசம் பணம்—”

“பணம் அவரைத் தூக்கி உக்கார வைக்கல.”

மூன்று புள்ளி வேறு. அது தானாகத் தேய்ந்து நிற்கும் குரல். இரண்டையும் மாற்றிப் போட்டால், வெட்டப்பட்டவள் தயங்கியவளாகத் தெரிவாள். நம் மொழியில் வினை கடைசியில் வருவதால் ஒரு எச்சரிக்கையும் தேவை: வெட்டுவதற்கு முன் வாசகர் மீதியை ஊகிக்கும் அளவுக்குச் சொல் வந்திருக்க வேண்டும். ‘நான் மாசாமாசம்—’ என்று வெட்டினால் என்ன செய்தாள் என்றே தெரியாது. ‘பணம்’ வந்த பிறகு வெட்டினால் ‘அனுப்பினேன்’ தானாக மனதில் வந்துவிடும்.

திருத்தி முடித்துவிட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத்தான் யார் பேசுகிறார்கள் என்று எப்போதும் தெரிகிறதே.

அதனால்தான் நீங்களே சோதிக்க முடியாது. கதையைப் படித்திராத ஒருவரிடம் அந்தக் காட்சியை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு பேச்சின் ஓரத்திலும் மா, சு என்று முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டே படிக்கச் சொல்லுங்கள், பின்னால் போகக் கூடாது. தவறாகப் போட்ட வரியைவிட அதற்கு இரண்டு வரி முன்னால்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். யாரும் சொல்லக்கூடிய பொது வரி ஒன்று அங்கே நுழைந்திருக்கும்.

வேகத்துக்கு வேறு சோதனை. அவரையே காட்சியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கேளுங்கள். மேற்கோளுக்கு வெளியே வரும்போதெல்லாம் அவர் குரல் இறங்கும். அந்த இறக்கம் சண்டையின் மூச்சோடு பொருந்தினால் விட்டுவிடுங்கள். அடுத்த அடி எப்போது விழும் என்று நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் அவர் இன்னும் ஜன்னலையும் நாற்காலியையும் படித்துக்கொண்டிருந்தால், பென்சிலை எடுத்து அந்த வரியைச் சுழியுங்கள்.